ஆர்டிசி ஸ்கேன் பிடிஎஃபிலிருந்து சர்வே எண், உரிமையாளர், பரப்பு: அட்டவணையாக எடுக்க வழி உண்டா?

பிரபா_ஹலசூரு

வணக்கம். நான் இங்கே பெங்களூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஜூனியர். ஆனேக்கல் தாலுக்காவில் ஒரு கிராமத்து நிலங்களைப் பற்றிக் கட்சிக்காரர் ஒரு பிடிஎஃப் கொடுத்திருக்கிறார். எழுபது பக்கத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், எல்லாமே கர்நாடக நில உரிமைப் பதிவான ஆர்டிசியின் ஜெராக்ஸை ஸ்கேன் பண்ணியது. சில பக்கம் சாய்ந்திருக்கிறது, சில பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப் எண்களின் மேலேயே விழுந்திருக்கிறது. சீனியருக்கு வேண்டியது ஒரு எக்செல்: சர்வே எண், அதன் உட்பிரிவான ஹிஸ்ஸா, யார் பெயரில், எவ்வளவு பரப்பு. அவ்வளவுதான்.

பிடிஎஃபில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்ய முடிகிறது, ஆனால் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கன்னாபின்னாவென்று வருகிறது. எண்கள் மட்டும் பாதி சரியாக இருக்கின்றன. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்கவும் வரும், ஆனால் மெதுவாகத்தான். கையாலேயே தட்டச்சு செய்துவிடலாமா அல்லது வேறு வழி இருக்கிறதா? அதைவிடப் பெரிய கவலை, எதை வைத்து எடுத்தாலும் அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுந்தர்_ஒயிட்ஃபீல்டு

இது ரொம்ப சுலபம் ப்ரோ. அந்தப் பழைய எழுத்து அடுக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு `tesseract` வைத்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆரைத் திரும்ப ஓட்டுங்கள், கன்னடத்துக்கு `-l kan+eng` என்று கொடுத்தால் போதும். வரும் உரையில் ரெஜெக்ஸ் போட்டு சர்வே எண்ணையும் பரப்பையும் பிடித்து, பரப்பை `float` ஆக மாற்றிக் கூட்டி, தாளில் உள்ள மொத்தப் பரப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. சனிக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடும்.

முருகேசன்_கே

நானும் இதே பிரச்சினையில் இருக்கிறேன். எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், பொம்மசந்திரா பக்கம் வேலை. அப்பா பெயரில் உள்ள பட்டாவைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதில் புல எண், உட்பிரிவு, நன்செய் புன்செய் பரப்பு எல்லாம் தமிழிலேயே இருப்பதால் படிக்கப் பிரச்சினை இல்லை. ஆனால் பரப்பு 0 - 40.50 என்று இருக்கிறது, இதில் முதல் பூஜ்யம் எதற்கு? நீங்கள் சொல்லும் ஆர்டிசியும் இதே மாதிரிதானே? 2.15 ஏக்கர் என்றால் 0.4047 ஆல் பெருக்கினால் 0.87 ஹெக்டேர், எல்லாவற்றையும் ஹெக்டேராக மாற்றிக்கொண்டால் ஒப்பிட வசதி.

மாலதி_ராஜாஜிநகர்

பிரபா, இந்த வேலையை நான் சில வருடங்களாகச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் முருகேசன் அண்ணாவுக்கு: பட்டாவில் அது ஹெக்டேர், ஏர். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். 0 - 40.50 என்றால் நாற்பதரை ஏர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அங்கே எல்லாம் நூறின் கணக்கு, அதனால் தசமமாக எழுதினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆர்டிசி அப்படி இல்லை. அதில் 2.15 என்பது இரண்டு ஏக்கர் பதினைந்து குண்டே. நாற்பது குண்டே ஒரு ஏக்கர். எனவே அது 2.375 ஏக்கர், ஹெக்டேரில் சுமார் 0.96. நீங்கள் போட்ட 0.87-க்கும் இதற்கும் நடுவே ஒன்பது குண்டே காணாமல் போகிறது. பெங்களூரைச் சுற்றி ஒன்பது குண்டே என்றால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

சுந்தர் சொன்ன `float` இங்கேதான் உதைக்கும். 1.30-ஐயும் 1.30-ஐயும் கூட்டினால் கணினி 2.60 என்று சொல்லும். அப்படி ஒரு பரப்பே கிடையாது, அது 3.20. அதோடு எக்செலில் 2.10 என்று அடித்தால் கடைசிப் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 2.1 என்று வைத்துக்கொள்ளும். அடுத்து பார்ப்பவர் அதை இரண்டு ஏக்கர் ஒரு குண்டே என்று படிப்பார். அதனால் ஏக்கர் ஒரு பத்தி, குண்டே ஒரு பத்தி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள், கூட்டும்போது எல்லாவற்றையும் குண்டேயாக மாற்றிக் கூட்டுங்கள். சர்வே எண் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் 12/2 ஒரு தேதியாகிவிடும்.

இப்போது உங்கள் பிடிஎஃப். காப்பி செய்தால் குப்பை வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஸ்கேனரே ஆங்கில ஓசிஆர் ஓட்டி, படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உரை அடுக்கை வைத்திருக்கும். இரண்டு, யூனிகோடு இல்லாத பழைய கன்னட எழுத்துருவில் அடித்த கோப்பு. `pdffonts` ஓட்டிப் பாருங்கள், என்ன எழுத்துரு உள்ளே இருக்கிறது என்று சொல்லும். அப்புறம் இது:

```
pdfimages -list rtc.pdf
```

ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கம் முழுக்க ஒரே படம் என்று காட்டினால் முதல் காரணம்தான், அந்த உரை அடுக்கை நம்பவே வேண்டாம். இந்தப் பட்டியலிலேயே x-ppi என்று ஒரு பத்தி வரும், அதைக் கவனியுங்கள். 300 இருந்தால் நல்லது. 150 என்றால் நீங்கள் பிற்பாடு எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத புள்ளி வராது, கட்சிக்காரரிடம் ஜெராக்ஸை வாங்கி நீங்களே ஸ்கேன் செய்வது மேல்.

பிரபா_ஹலசூரு

அக்கா, ரொம்ப நன்றி. பார்த்தேன், பக்கத்துக்கு ஒரு படம்தான், 200 என்று காட்டுகிறது. ஜெராக்ஸ் கட்டு எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது, திங்கட்கிழமை திரும்ப ஸ்கேன் செய்ய முடியும். அப்போது கலரா, கறுப்பு வெள்ளையா? ஸ்டாம்ப் விழுந்த பக்கங்களை என்ன செய்வது?

அப்புறம், தாளில் பரப்பு 2.15 என்று இல்லை, 2.15.00.00 என்று நான்கு பகுதியாக இருக்கிறது.

மாலதி_ராஜாஜிநகர்

நான்கு பகுதியாக இருப்பது நல்லதுதான், அதை வெட்டாதீர்கள். பலர் "சுத்தம்" செய்கிறேன் என்று பின்னால் உள்ள பூஜ்யங்களை எடுத்துவிடுகிறார்கள். நான்கு பகுதி வர வேண்டும் என்பதே ஒரு சோதனை: ஓசிஆர் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் 215.00.00 என்று மூன்று பகுதிதான் வரும், உடனே மாட்டும். மூன்றாவது பகுதி அணா, பதினாறு அணா ஒரு குண்டே. நான் வைத்திருப்பது இவ்வளவுதான்:

```python
def gunta(s):
    p = [int(x) for x in s.strip().split('.')]
    if len(p) != 4 or p[1] > 39 or p[2] > 15 or p[3]:
        raise ValueError(s)
    return p[0]*40 + p[1] + p[2]/16
```

நாற்பதோ அதற்கு மேலோ குண்டே வந்தால் அது நிச்சயம் தப்பு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைசிப் பகுதி 00 இல்லாவிட்டாலும் நிறுத்திவிட்டுக் கண்ணால் பார்க்கிறேன்.

ஸ்கேன் கலரில் செய்யுங்கள். ஸ்டாம்ப் மை ஊதாவோ நீலமோவாகவும், அச்சு கறுப்பாகவும் இருந்தால், கலர் படத்தில் நீலச் சானலை மட்டும் எடுத்தால் ஸ்டாம்ப் வெளிறிப் போகும், கறுப்பு எண் நிற்கும்.

```
convert p07.png -channel B -separate p07b.png
```

கட்டு ஜெராக்ஸ் என்றால் ஸ்டாம்பும் கறுப்பாகவே இருக்கும், அப்போது இது பலிக்காது. உங்கள் கட்டில் ஸ்டாம்ப் ஜெராக்ஸுக்கு முன்னால் போட்டதா பின்னால் போட்டதா என்று பாருங்கள்.

ஓசிஆர் விஷயத்தில் என் வழக்கம் வேறு. எண்களை மட்டும் ஓசிஆருக்கு விடுவேன், பெயர்களைக் கையால்தான் அடிப்பேன். முழுப் பக்கத்தையும் `kan+eng` என்று கொடுத்தால் எண்களுக்கு நடுவில் கன்னட எழுத்து முளைக்கும், பூஜ்யத்தைக் கன்னட வட்டக் குறியான அனுஸ்வரமாக எடுத்துக்கொள்ளும். பரப்பு இருக்கும் கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து, எண்ணைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் எவ்வளவோ மேல்:

```
tesseract cell.png - -l eng --psm 7 -c tessedit_char_whitelist=0123456789.
```

ஆர்டிசி அச்சுப் படிவம் ஒரே அமைப்பு என்பதால், பக்கத்தை நேராக்கிய பிறகு கட்டங்களின் இடம் பெரிதாக மாறாது. ஒன்பதாவது பத்தி மட்டும் விதிவிலக்கு. உரிமையாளர் எத்தனை பேரோ அத்தனை வரி, பெயர் நீளமானால் அடுத்த வரிக்கு மடியும், அதற்கு இயந்திர வெட்டு ஒத்துவராது.

சுந்தர்_ஒயிட்ஃபீல்டு

நாற்பதின் கணக்கு எனக்குத் தெரியாது, ஓகே. ஆனால் சோதனை பற்றி நான் சொன்னது சரிதானே? உரிமையாளர்களின் பரப்பைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஓசிஆர் தப்பு எல்லாம் மாட்டிவிடும். அதோடு `tesseract` டிஎஸ்வியாகக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பிக்கை மதிப்பெண் வருகிறது. தொண்ணூறுக்குக் கீழே உள்ளதை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும், எழுபது பக்கத்தையும் பார்க்க வேண்டாம்.

மாலதி_ராஜாஜிநகர்

எந்த மொத்தம் என்பதுதான் கேள்வி, சுந்தர். மூன்றாவது பத்தியில் நான்கு எண் இருக்கிறது: ஒட்டு என்ற மொத்தப் பரப்பு, கராப் அ, கராப் ப, மீதியான உளிதது. கராப் என்பது தீர்வை இல்லாத பகுதி. அ என்பது பாறை, களம், பண்ணைக் கட்டடம் மாதிரி பயிர் வைக்க முடியாதது. ப என்பது வழி, ஓடை மாதிரி பொதுப் பயன்பாட்டில் இருப்பது. இரண்டையும் ஒட்டிலிருந்து கழித்தால் உளிதது வரும்.

என்னிடம் வந்த ஒரு தாளைச் சொல்கிறேன், எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒட்டு 4.26, கராப் அ 0.06, கராப் ப 0, உளிதது 4.20. உரிமையாளர் மூன்று பேர்: 1.20, 2.00, 1.00. கூட்டினால் 4.20, உளிததோடு பொருந்துகிறது. ஓசிஆர் முதல் ஆளுக்கு 1.26 என்று கொடுத்தது. வட்ட ஸ்டாம்பின் விளிம்பு பூஜ்யத்தின் மேல் இடது பக்கமாக ஒட்டிக்கொண்டு போகிறது, அதனால் 0 பார்க்க 6 மாதிரியே இருக்கிறது. இப்போது கூட்டினால் 4.26. நீங்கள் சொன்னபடி ஒட்டோடு ஒப்பிட்டால் பச்சை விழும்! உளிததோடு ஒப்பிட்டால்தான் ஆறு குண்டே இடிக்கும். அந்த இடத்தில் நம்பிக்கை மதிப்பெண்ணும் தொண்ணூறுக்கு மேல்தான் இருந்தது, ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல 6 மாதிரி இருந்தது. மதிப்பெண் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், அதிகமாக இருந்தால் அதற்காக நம்பாதீர்கள்.

ஆக நான் இரண்டு கூட்டல் போடுகிறேன். ஒட்டிலிருந்து இரண்டு கராபையும் கழித்தால் உளிதது வருகிறதா, ஒன்பதாவது பத்தியைக் கூட்டினால் உளிதது வருகிறதா. இரண்டும் பொருந்தினால் அந்தத் தாளில் எண் தப்பு ஒளிந்திருக்க, இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். அது அபூர்வம், ஆனால் நடக்காது என்று சொல்ல மாட்டேன். இரண்டு உரிமையாளர்களின் பரப்பு இடம் மாறி ஒட்டிக்கொண்டால் கூட்டல் அப்படியே இருக்கும், ஆள்தான் மாறியிருப்பார்.

வேலாயுதம்_பி

மாலதி அம்மா சொல்வது பெரும்பாலும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லாத் தாளிலும் ஒன்பதாவது பத்தி உளிததோடு பொருந்தாது. சில கிராமங்களில் கராப் அ-வையும் சேர்த்தே உரிமையாளர் பெயரில் ஏற்றியிருப்பார்கள், அங்கே அது ஒட்டோடுதான் பொருந்தும். எனவே பொருந்தாத தாளையெல்லாம் ஸ்கேன் தப்பு என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, கூட்டு உரிமை. அண்ணன் தம்பி நான்கு பேர் பெயர் இருக்கும், பரப்பு ஒருவர் பெயருக்கு நேராக மட்டும் இருக்கும், மற்றவர்களுக்கு வெறுமையோ பூஜ்யமோ. ஓசிஆர் எடுக்கவில்லை என்று நினைத்து யாராவது நிரப்பிவிட்டால், ஒரு நிலம் நான்கு நிலமாகிவிடும். நான் ரெவின்யூ பக்கம் வேலை பார்த்தவன், ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த மாதிரி நிரப்பிய பட்டியல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாலதி_ராஜாஜிநகர்

சார் சொல்வது உண்மை, அதனால்தான் "எதோடு பொருந்தியது" என்று ஒரு பத்தி வைத்துக்கொள்வது நல்லது: உளிதது, ஒட்டு, எதோடும் இல்லை. கராப் சேர்த்து ஏற்றும் வழக்கம் உள்ள கிராமம் என்றால், ஒன்றிரண்டு தாள் மட்டும் அப்படி இருக்காது, நிறைய இருக்கும். பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிராமம் முழுக்க உளிததோடு பொருந்தி, ஒரே ஒரு தாள் மட்டும் ஒட்டோடு பொருந்தினால் அந்தப் படத்தைத்தான் நான் முதலில் திறப்பேன்.

முருகேசன்_கே

எனக்கு விளங்கிவிட்டது, நன்றி மேடம். பட்டாவில் கடைசியில் மொத்தம் என்று ஒரு வரி இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் சரிதானே? பங்குக்காரர் பெயருக்கு நேராகத் தனிப் பரப்பே இல்லை, பெயர்கள் மேலே வரிசையாக இருக்கின்றன, புல எண்கள் கீழே. இதில் யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

மாலதி_ராஜாஜிநகர்

மொத்தத்தோடு ஒப்பிடுங்கள் அண்ணா, சரிதான். புன்செய் தனி, நன்செய் தனியாகக் கூட்டுங்கள். ஆளுக்கு எவ்வளவு என்று கூட்டுப் பட்டாவிலிருந்து பிரிக்க முடியாது, அது பத்திரத்தையோ பாகப்பிரிவினையையோ பார்த்துத்தான் தெரியும். அட்டவணையில் சமமாகப் பங்கு போட்டு எழுதிவிடாதீர்கள்.

பிரபா_ஹலசூரு

புதிதாகக் கலரில் ஸ்கேன் செய்து எண்களை எடுத்துவிட்டேன். பெரும்பாலான தாள்கள் உளிததோடு பொருந்துகின்றன. ஆனால் சர்வே எண் பத்தியில் விநோதமாக இருக்கிறது. 4511 என்று ஒன்று, 8612 என்று ஒன்று. இந்தக் கிராமத்தில் சர்வே எண் இருநூற்றுச் சொச்சத்தோடு முடிந்துவிடும் என்று கட்சிக்காரர் சொன்னார்.

சுந்தர்_ஒயிட்ஃபீல்டு

சாய்கோட்டை 1 என்று எடுத்திருக்கிறது. 4511 என்றால் 45/1, 8612 என்றால் 86/2. மூன்று இலக்கத்துக்கு மேல் வந்தால் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது இடத்தில் உள்ள 1-ஐச் சாய்கோடாக மாற்று என்று ஒரு வரி எழுதினால் போதும், வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

மாலதி_ராஜாஜிநகர்

காரணம் சரி, மருந்து வேண்டாம். நான் மேலே கொடுத்த எழுத்துப் பட்டியலில் சாய்கோடு இல்லை, அதைப் பரப்புக்கு மட்டும்தான் கொடுத்தேன். சர்வே எண் கட்டத்துக்கும் அதையே ஓட்டினால் `/` வர வழியே இல்லை, 1 என்றோ 7 என்றோதான் வரும். ஹிஸ்ஸாவில் 2A, P1 என்றெல்லாம் ஆங்கில எழுத்து வரலாம், அதையும் அனுமதிக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குத் தனியாக `0123456789/ABCDP*` என்று கொடுத்துத் திரும்ப ஓட்டுங்கள்.

தானாக மாற்றும் வரி ஏன் வேண்டாம் என்றால், 1112 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அது 11/2 ஆக இருக்கலாம், 112 என்ற எண்ணில் கட்டத்தின் கோடு ஒரு 1 ஆக ஒட்டியிருக்கலாம். இரண்டுமே கிராமத்தில் இருக்கக்கூடிய எண்கள். மிகப் பெரிய சர்வே எண்ணுக்கு மேல் போனதெல்லாம் தப்பு என்று பிடிக்கலாம், சரியான எண் எது என்பதைப் படம்தான் சொல்லும். 17 என்று வந்து அது உண்மையில் 1/7 ஆக இருந்தால் இந்த எல்லைச் சோதனையும் பிடிக்காது. அதற்கு ஒரே வழி, எடுத்த பட்டியலை சர்வே எண் வரிசைப்படி அடுக்கி, ஒரே எண்ணும் ஹிஸ்ஸாவும் இரண்டு தரம் வருகிறதா, நடுவில் ஏதாவது விட்டுப்போகிறதா என்று பார்ப்பது. கட்டு வரிசையாக இருந்தால் 16-க்கும் 18-க்கும் நடுவில் 17 வரும். 1/6-க்கும் 1/8-க்கும் நடுவில் 17 வந்தால் அது 1/7.

ரேணு_எச்.எஸ்.ஆர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? பூமி தளத்தில் ஆர்டிசி இலவசமாகவே பார்க்கலாமே. `landrecords.karnataka.gov.in` போய் மாவட்டம், தாலுக்கா, ஹோப்ளி, கிராமம், சர்வே எண் கொடுத்தால் அப்படியே வருகிறது. நாங்கள் சைட் வாங்கும்போது அப்படித்தான் பார்த்தோம். ஸ்கேனைக் கட்டி அழ வேண்டாம்.

பிரபா_ஹலசூரு

அது தெரியும் ரேணு. வழக்கே பழைய வருடத்துத் தாளில் யார் பெயர் இருந்தது என்பதைப் பற்றித்தான். இப்போது தளத்தில் வருவது இன்றைய பெயர்.

மாலதி_ராஜாஜிநகர்

ரேணு சொன்னதில் பாதி உங்களுக்கு உதவும். தளத்தில் சர்வே எண்ணுக்குப் பிறகு `Surnoc` என்று கேட்கும், பெரும்பாலும் `*` மட்டும் இருக்கும். அப்புறம் `Hissa`, `Period`, `Year` என்று வரும். சர்வே எண்ணைக் கொடுத்தவுடன் ஹிஸ்ஸா பட்டியல் விழுகிறதல்லவா, அந்தப் பட்டியலே ஒரு சோதனை: உங்கள் 45/7 தளத்தில் இல்லவே இல்லை என்றால் படத்தைத் திறங்கள். காலத்தையும் வருடத்தையும் உங்கள் தாளில் உள்ளதற்கே மாற்றிப் பாருங்கள், கணினிமயமான பிறகு வந்த வருடம் என்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஹிஸ்ஸா பிற்பாடு பிரிந்திருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். எனவே தளத்தைப் பார்த்து அட்டவணையைத் திருத்தக் கூடாது. சந்தேகம் எழுப்ப மட்டும்தான் அது.

பெயர்கள் எப்படிப் போகின்றன?

பிரபா_ஹலசூரு

பெயர்கள்தான் மெதுவாகப் போகின்றன அக்கா. முனியப்பா, முனிசாமப்பா, முனிகிருஷ்ணப்பா என்று பாதி கிராமம் முனியில்தான் தொடங்குகிறது. எல்லோரையும் தமிழில் எழுதி, ஒரே பெயரை ஒன்றாகச் சேர்த்து, ஆளுக்கு மொத்தம் எவ்வளவு நிலம் என்று சீனியருக்குக் காட்டலாம் என்று இருந்தேன்.

மாலதி_ராஜாஜிநகர்

சேர்க்காதீர்கள்! பெயருக்குப் பிறகு வரும் "பின்" இன்னாரின் மகன், "கோம்" இன்னாரின் மனைவி. முனியப்பா பின் கிருஷ்ணப்பாவும் முனியப்பா பின் சின்னப்பையாவும் வேறு வேறு ஆள். ஓசிஆரோ அவசரமாக அடிப்பவரோ முதலில் தொலைப்பது அந்தச் சின்னச் சொல்லைத்தான், அது போய்விட்டால் அப்பா பெயர் மகன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது அப்பாவே ஒரு உரிமையாளராகிவிடுவார். தாளில் உள்ள கன்னடத்தை அப்படியே ஒரு பத்தியில் அடியுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் பிழையோடு. தமிழ் அடுத்த பத்தியில். காத்தா எண் ஒன்பது, பத்தாவது பத்திகளின் பக்கம் இருந்தால் அதையும் எடுங்கள், ஒரே ஆளா என்று பிற்பாடு தீர்மானிக்க உதவும்.

பெயருக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது. எண்ணில் தப்பு வந்தால் கணக்கு இடிக்கும், பெயரில் தப்பு வந்தால் எதுவும் இடிக்காது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பதுதான் ஒரே வழி. நீங்கள் ஒரு தரம், கன்னடம் நன்றாகப் படிக்கும் அலுவலக நண்பர் ஒரு தரம், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல். இரண்டையும் பக்கத்தில் வைத்து `=EXACT(F2,G2)` போட்டால் வேறுபடும் இடம் மட்டும் தெரியும், அங்கே மட்டும் படத்தைத் திறந்தால் போதும்.

சுந்தர்_ஒயிட்ஃபீல்டு

இரண்டு பேர் இரண்டு தரம் அடிப்பது 1990-கள் வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் எழுபது பக்கம்தான், சரி, செய்துவிடலாம். எழுநூறு பக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்?

மாலதி_ராஜாஜிநகர்

எழுநூறு வந்தால் பெயருக்கும் ஓசிஆர் ஓட்டி, அதை ஒரு ஆள் அடித்ததாக எடுத்துக்கொண்டு, இன்னொருவரை அடிக்கச் சொல்வேன். ஓசிஆர் கொடுத்ததைத் திருத்தச் சொல்ல மாட்டேன். திருத்துபவர் கண் எழுதியிருப்பதையே படிக்கும்.

பிரபா_ஹலசூரு

அடுத்த சிக்கல். சர்வே 112-இல் பைக்கி தாள்கள் நான்கு இருக்கின்றன. P1 3.00, P2 2.20, P3 2.00, P4 2.10. குண்டேயாக மாற்றிக் கூட்டினால் 390, அதாவது 9 ஏக்கர் 30 குண்டே. சீனியர் மேஜையில் சர்வே துறையின் பரப்புப் பதிவான ஆகார்பந்தின் நகல் இருந்தது, அதில் 112-க்கு 9.10. இருபது குண்டே அதிகம்.

சுந்தர்_ஒயிட்ஃபீல்டு

P2 2.00 ஆக இருந்தால் மிகச் சரியாக 9.10 வருகிறது! 0-ஐ 2 என்று படித்திருக்கும். திருத்திவிடுங்கள், முடிந்தது.

பிரபா_ஹலசூரு

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, ஆனால் படத்தில் 2.20 பளிச்சென்று இருக்கிறது, ஸ்டாம்ப் எதுவும் பக்கத்தில் இல்லை. அந்தத் தாளில் உரிமையாளர் இரண்டு பேர், 1.10, 1.10. கூட்டினால் 2.20. மற்ற மூன்று தாள்களிலும் கூட்டல் உள்ளுக்குள் பொருந்துகிறது.

வேலாயுதம்_பி

அப்படியென்றால் ஸ்கேனில் குற்றமில்லை தம்பி, தாளே அப்படித்தான். பைக்கி என்றால் அளந்து பிரிக்காமல் பத்திரத்தை வைத்து மட்டும் பிரித்தது, போடி ஆகவில்லை என்று அர்த்தம். ஒருவர் இருபது குண்டே விற்றிருப்பார், வாங்கியவர் பெயரில் ஏற்றியிருப்பார்கள், விற்றவர் தாளில் கழிக்க விட்டிருப்பார்கள். இப்படி ஆர்டிசி கூட்டி ஆகார்பந்தைத் தாண்டுவது இந்தப் பக்கம் சாதாரணமாக நடப்பது. எந்த பைக்கியில் தப்பு என்று கூட்டல் சொல்லாது. P2-வில் 20 என்று இருப்பதால் அதுதான் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் P1-இல் கழிக்க விட்டிருந்தாலும் இதே இருபது குண்டேதான் இடிக்கும். பெயர் மாற்றத்தைக் காட்டும் மியூட்டேஷன் பதிவுகளை, எம்ஆர் எண்ணை வைத்து வரிசையாகப் பாருங்கள்.

மாலதி_ராஜாஜிநகர்

அட்டவணையில் நான்கையும் தாளில் உள்ளபடியே விடுங்கள். "நிலை" என்று ஒரு பத்தி வைத்து, ஸ்கேன் தப்பைப் படம் பார்த்துத் திருத்தியதற்கு ஒரு சொல், படமும் எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தும் கணக்கு இடிப்பதற்கு வேறொரு சொல் போடுங்கள். நான் "படம் பார்த்தது", "பதிவு முரண்" என்று எழுதுவேன். சீனியர் வடிகட்டினால் இரண்டும் கலக்காமல் வரும். கூடவே பிடிஎஃப் பக்க எண், அது இல்லாமல் யாராலும் திரும்பப் போய்ப் பார்க்க முடியாது.

பிரபா_ஹலசூரு

பக்க எண் முதல் பத்தியாகவே வைத்திருக்கிறேன் அக்கா. வேலாயுதம் சார், எம்ஆர் எண் பத்தாவது பத்தியில் இருக்கிறது, ஆனால் P1 தாளில் அந்த இடத்தில்தான் ஜெராக்ஸ் மடிப்பு விழுந்து கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. P2, P3, P4 மூன்றும் தெரிகின்றன. மூன்றை வைத்துக்கொண்டு P1-ஐக் கண்டுபிடிக்க வழி உண்டா?

வேலாயுதம்_பி

P2-வின் எம்ஆரை முதலில் எடு. அதில் யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு என்று இருக்கும். விற்றவர் P1-காரராக இருந்தால் அவருடைய முந்தைய பரப்பு தெரிய வரும். இல்லையென்றால் P1-இன் அடுத்த வருடத்து ஆர்டிசி கேட்டுப் பார், அதே எம்ஆர் எண் அதிலும் அச்சாகியிருக்கலாம். மடிப்பில் போன இலக்கத்தை ஊகித்து மட்டும் எழுதிவிடாதே.

சுந்தர்_ஒயிட்ஃபீல்டு

அந்த கட்டத்தில் என்ன போடுவது அப்போது? வெறுமையாக விட்டால் ஓசிஆர் விட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

மாலதி_ராஜாஜிநகர்

தெரியும் இலக்கத்தை எழுதி, போனதற்கு ?? போடுங்கள். அந்தப் பத்தியும் டெக்ஸ்ட்தானே, பிரபா?

பிரபா_ஹலசூரு

டெக்ஸ்ட்தான் அக்கா. P2 எம்ஆர் நகலுக்கு நாளைக்கு ஆனேக்கல் போகிறேன், கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.